பதினைந்தாயிரத்தில் தொடங்கும் பேரேடு

தமிழ்நாட்டின் காய்கறிச் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள கடைகளிலும் தண்டல் வாங்காத வியாபாரியைப் பார்ப்பது அரிது. வழக்கமான கணக்கு இதுதான்: பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேச்சு, கையில் தருவது 8,500. மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தினமும் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாகப் பார்த்தால் வாங்கிய பணத்தில் பாதிதான் வியாபாரியின் கையில் இருக்கிறது. அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும் வட்டி. மழையானாலும் திருவிழாவானாலும் மாலை ஐந்து மணிக்கு வசூல்காரர் வண்டியில் வந்து நிற்பார். சின்ன அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து விழும்.

இருபது வருடம் இப்படி ஒரு நாளும் தவறாமல் கட்டிய வியாபாரி வங்கிக்குப் போய் ஐம்பதாயிரம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி பான் எண்ணைத் தட்டிப் பார்த்தால் திரையில் வருவது -1. கடன் வரலாறே இல்லாதவர் என்று அதற்குப் பொருள். நூற்றுக்கணக்கான தண்டல் அட்டைகளுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. அடகுக் கடையில் நகையை வைத்து மீட்டது, சீட்டு எடுத்துக் கடைசி வரை கட்டியது, மொத்த வியாபாரி தந்த பதினைந்து நாள் கடனை நாள் தவறாமல் தீர்த்தது, இவை எதுவும் அங்கே ஏறுவதில்லை.

ஆக, சிறு வியாபாரியிடம் நாணயம் இருக்கிறது. அதைப் பதிவு செய்யும் இடத்தில் அவர் கடன் வாங்கவில்லை. சிறிய தொகையை முறையான நிறுவனத்தில் வாங்கி, ஒழுங்காகக் கட்டி, அதைக் காட்டி அடுத்த பெரிய தொகைக்குப் போவது என்ற வழி இந்த இடைவெளியை அடைக்க வந்தது. அந்த வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது கடன் வாங்குபவர்களில் பலருக்கும் சொல்லப்படுவதில்லை.

முதலில் பதிவு எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். மக்கள் பேச்சில் நான்கும் சேர்ந்து ‘சிபில்’ ஆகிவிட்டது. வங்கி, நிதி நிறுவனம், மைக்ரோ ஃபைனான்ஸ் என்று ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் கடன் தரும் ஒவ்வொருவரும் இந்த நான்குக்கும் தகவல் அனுப்பியாக வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை போன தகவல், 2025 ஜனவரி 1 முதல் மாதம் இருமுறை போகத் தொடங்கியது.

அனுப்பப்படும் தகவலின் உயிர்நாடி ஒரு சிறிய எண். தவணை தேதியைத் தாண்டி எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதே அது. அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். தேதிக்குள் கட்டியிருந்தால் அதில் 000 என்று விழும், பத்து நாள் தாமதமாகியிருந்தால் 010. அண்மைய மூன்று ஆண்டுகளின் கட்டங்கள் வரிசையாகத் தெரியும். முப்பது நாள் வரையிலான பாக்கி ஒரு வகை, அறுபது நாள் வரை அடுத்தது, தொண்ணூறு வரை அதற்கும் அடுத்தது. தொண்ணூறைத் தாண்டினால் வாராக் கடன். இந்த நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தவணை தேதியன்று வங்கியின் கணினி அந்த நாளின் கணக்கை முடிக்கும்போது பணம் முழுதாக வந்திருக்கவில்லை என்றால் அன்றைய தேதியிலேயே பாக்கி தொடங்கிவிடும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. ‘இந்த வாரத்துக்குள் கட்டிவிடுகிறேன்’ என்ற பேச்சு தண்டல்காரரிடம் எடுபடலாம், கணினியிடம் எடுபடாது.

இந்தப் பதிவைத் தொடங்க இன்று எளிதாகக் கிடைக்கும் வழி பிஎம் ஸ்வநிதி. கொரோனா ஊரடங்கில் முதல் இழந்து நின்ற தெரு வியாபாரிகளுக்காக 2020 ஜூன் 1-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அமைப்பே படிப்படியானது. முதல் கடன் பத்தாயிரம், அதைத் தீர்த்தால் இருபதாயிரம், அதையும் தீர்த்தால் ஐம்பதாயிரம் என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தி, முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தியது. மூன்றாவது 50,000 அப்படியே நிற்கிறது. கடன் வழங்கும் காலம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் கடனை முடித்தவர்களுக்கு யுபிஐ-யுடன் இணைந்த ரூபே கிரெடிட் கார்டும் சேர்ந்தது. ஈடு எதுவும் தேவையில்லை. நகராட்சியோ மாநகராட்சியோ தந்த வியாபாரச் சான்று வேண்டும். அது இல்லாதவர்களுக்கு அதே அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் போதும்.

மதுரையில் இட்லி மாவு அரைத்துத் தள்ளுவண்டியில் விற்கும் ஒரு பெண்ணை மனதில் வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இது விளக்கத்துக்கான கணக்கு. வட்டி வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். முதல் கடன் 15,000, பன்னிரண்டு மாதம். மாதத் தவணை சுமார் 1,333 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் வட்டி 993 ரூபாய்தான். ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் உண்டு. அதில் ஏறத்தாழ 580 ரூபாய் அவர் கணக்குக்கே திரும்பி வரும். நூறு நாள் தண்டலுக்குக் கொடுத்த 1,500-உடன் இதை ஒப்பிட்டால் அந்த வித்தியாசமே ஒரு மூட்டை அரிசிக்கான தொகையில் நல்ல பங்கு.

இரண்டாவது கடன் 25,000, பதினெட்டு மாதம்: தவணை 1,525. மூன்றாவது 50,000, முப்பத்தாறு மாதம்: தவணை 1,661.

இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கடன் தொகை மூன்று மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. மாதச் சுமையோ 1,333-லிருந்து 1,661-க்கு, அதாவது கால் பங்குதான் கூடியிருக்கிறது. தொகை கூடக்கூடக் காலமும் நீள்வதால் இப்படி ஆகிறது. வியாபாரிக்கு இது வசதி, சந்தேகமில்லை. ஆனால் இதன் உட்பொருளை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று படிகளும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் அவர் நிரூபித்தது மாதம் ஆயிரத்து அறுநூறு ரூபாயை நாள் தவறாமல் கட்டும் மனமும் ஒழுங்கும் தன்னிடம் இருக்கின்றன என்பதை. மாதம் ஆறாயிரம் கட்டும் வரும்படி இருக்கிறதா என்ற கேள்வி அதுவரை எழவே இல்லை.

அந்தக் கேள்வி நான்காவது கடனில் எழும். மாவு விற்பவர் பெரிய கிரைண்டரும் குளிர்பெட்டியும் வாங்க மூன்று லட்சம் கேட்டு முத்ரா திட்டத்துக்குப் போகிறார். அதே 12 சதவீதம், ஐந்து ஆண்டு என்றால் தவணை 6,673 ரூபாய். ஒரே எட்டில் நான்கு மடங்கு. பல விண்ணப்பங்கள் இங்கே திரும்பிவருவதையும், ‘ஸ்கோர் நன்றாக இருந்தும் மேனேஜர் தரவில்லை’ என்ற ஆதங்கத்தையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஒழுங்காகக் கட்டினால் பெரிய கடன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, மனிதர்களின் நடத்தையை உண்மையிலேயே மாற்றுகிறதா? இதற்கு நல்ல ஆதாரம் ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து வருகிறது. ஆய்வு நடந்த காலத்தில் அங்கே ஆளை அடையாளம் காட்டும் ஆவணங்கள் குறைவாக இருந்தன. கடனைக் கட்டாமல் வேறு பெயரில் மறுபடி வாங்கிவிட முடிந்தது. சேவியர் ஜினே, ஜெசிகா கோல்ட்பெர்க், டீன் யாங் ஆகிய பொருளியலாளர்கள், பாப்ரிகா மிளகாய் பயிரிடும் விவசாயிகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும் கடன் விண்ணப்பத்தின்போது கைரேகை பதிந்தார்கள். இந்தக் கடனை நீங்கள் கட்டினீர்களா என்பது இனி உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும் என்பதை விளக்கினார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், கட்டாமல் போவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட பிரிவினரிடம் பெரிய மாற்றம் தெரிந்தது. அவர்கள் வாங்கிய கடன் தொகை குறைந்தது, திருப்பிக் கட்டுவது வெகுவாகக் கூடியது. எப்படியும் கட்டக்கூடியவர்களிடம் மாற்றம் இல்லை. பதிவு என்ற ஒன்று இருப்பதே தடுமாறும் நிலையில் உள்ளவர்களைப் பிடித்து நிறுத்துகிறது.

ஆனால் கட்டுவதை ஊக்குவிக்கும் முறை தொழிலை வளர்க்கும் முறையாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே, ஜான் பாப், நடாலியா ரிகோல் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வழக்கமாக மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில் பணம் கைக்கு வந்து இரண்டே வாரத்தில் தவணை தொடங்கிவிடும். ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் முதல் போட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்கள் லாபமும் கூடியிருந்தது. கூடவே கடனைக் கட்டத் தவறியவர்களின் பங்கும் அவர்களிடையே அதிகமாக இருந்தது. உடனடித் தவணை இருந்தால் அந்தப் பணத்தில் தையல் இயந்திரம் வாங்கிப் பழகிச் சம்பாதிக்க நேரம் கிடைக்காது. நாளைக்கே விற்றுக் காசாக்கக்கூடிய சரக்கைத்தான் வாங்க முடியும். கடன் பதிவு மாசில்லாமல் வளரும், தொழில் இருந்த இடத்திலேயே நிற்கும். ஸ்வநிதி போன்ற கடனை வாங்குபவருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது: முதல் கடன் சுழலும் சரக்குக்குத்தான் பொருந்தும். மாவுக்காரர் அதில் அரிசியும் உளுந்தும் மொத்த விலையில் வாங்கலாம். குளிர்பெட்டிக்கு முன்பணம் கொடுத்தால் இரண்டாம் மாதமே தவணைக்குத் திண்டாட்டம்.

எகிப்தில் நடந்த இன்னொரு ஆய்வு அடுத்த கேள்வியைத் தொடுகிறது. கெரத் பிரையன், டீன் கார்லன், ஆடம் ஒஸ்மான் மூவரும் ஏற்கெனவே ஒழுங்காகக் கடன் கட்டிவந்த சிறு தொழில் செய்பவர்களுக்கு வழக்கத்தைவிட மிகப் பெரிய கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். சராசரியில் பெரிய பலன் இல்லை. அந்தச் சராசரிக்குள்ளே இரண்டு கூட்டம் இருந்தது: ஒரு சாராரின் லாபம் பெருமளவு ஏறியது, இன்னொரு சாராரின் லாபம் ஏறக்குறைய அதே அளவு சரிந்தது. சிறிய கடனைச் செம்மையாகக் கட்டியவர் பெரிய கடனை வைத்துத் தொழிலைப் பெருக்குவார் என்பதற்கு முந்தைய பதிவு தனியே உத்தரவாதம் ஆகாது. வங்கி மேலாளரின் தயக்கத்தை வெறும் மனமில்லாமை என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பதிவு எங்கே உடைகிறது என்பதற்கு வருவோம். வேண்டுமென்றே கட்டாதவர்களின் கதை வேறு. கட்டிக்கொண்டே இருப்பவர்களின் பதிவும் அவர்களுக்குத் தெரியாமலே கெடுகிறது. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

தவணை ஐந்தாம் தேதி தானாகக் கழியும்படி ஏற்பாடு இருக்கும். கணக்கில் 1,400 ரூபாய் இருக்கிறது, தவணை 1,333, போதும் என்று வியாபாரி நினைக்கிறார். ஜன் தன் கணக்கு திறந்தபோது கையெழுத்திட்ட காப்பீட்டுப் படிவம் அவருக்கு மறந்துபோயிருக்கும். பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டு பிரீமியம் 436 ரூபாய் ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியையொட்டிக் கழியும். கணக்கில் மிச்சம் 964. ஜூன் ஐந்தாம் தேதி தவணை திரும்பிவிடுகிறது. திரும்பியதற்கு ஒரு கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, தாமதத்துக்கு அபராதம். அடுத்த மாதம் அவர் வழக்கம்போல் 1,400 போட்டுவைத்தால் அது பழைய பாக்கிக்குப் போய்விடும். புதிய தவணை மறுபடி பாக்கி. மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். அறிக்கையிலோ வரிசையாக 030 விழுந்துகொண்டிருக்கிறது. பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்க்காதவருக்கு இது ஓராண்டு வரை தெரியாமலே இருக்க முடியும். இதற்கு மருந்தும் எளிமையானதுதான்: ஒரு தவணைத் தொகையைக் கணக்கில் எப்போதும் கூடுதலாக விட்டுவைப்பது, தவணை கழிந்த மறுநாள் செல்போனில் வந்த குறுஞ்செய்தியைப் படித்துப் பார்ப்பது, திரும்பியிருந்தால் அபராதத்தையும் சேர்த்து அன்றே கட்டுவது.

கடன் முடிந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. கடைசித் தவணை கட்டியாயிற்று. கணக்கில் 62 ரூபாய் வட்டியோ கட்டணமோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கணினி மட்டும் அந்த 62 ரூபாய்க்கு நாள் எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த கடனுக்குப் போகும்போது, தீர்த்துவிட்டதாக நினைத்த கடன் தீராக் கடனாக நிற்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றை எழுத்தில் வாங்கிவைக்கிறார்கள்.

பேரம் பேசி முடித்த கடன் இன்னும் மோசம். எண்பதாயிரம் பாக்கியை ஐம்பதாயிரத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வங்கி முன்வந்தால் அது வியாபாரிக்கு லாபம்போலத் தெரியும். அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறும். முழுதாகக் கட்டவில்லை என்பதற்கான முத்திரை அது. பல ஆண்டுகள் நீடிக்கும். வேறு வழியே இல்லாதபோது செய்யக்கூடியது, சலுகை என்று ஓடிப்போய் எடுக்கக்கூடியதில்லை.

பெயர்க் குழப்பம் தமிழர்களுக்கென்றே உள்ள தனிச் சிக்கல். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் இனிஷியலோடு, பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து, பாஸ்புக்கில் கணவர் பெயரோடு என்று ஒரே பெண் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். கடன் தகவல் நிறுவனம் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, தொலைபேசி எண் இவற்றைப் பொருத்தித்தான் ஒருவரின் கோப்பைச் சேர்க்கிறது. பொருந்தாவிட்டால் ஒழுங்காகக் கட்டிய கடன் ஒரு கோப்பிலும் ஆள் இன்னொரு கோப்பிலுமாகக் கிடக்கலாம். அல்லது அதே பெயருள்ள இன்னொருவரின் பாக்கி இவர் தலையில் வந்து விழலாம். முதல் கடன் விண்ணப்பத்துக்கு முன்பே மூன்று ஆவணங்களிலும் பெயரை ஒன்றாக்கிவிடுவது, பிறகு படும் பாட்டில் பாதியைக் குறைக்கும்.

அறிக்கையைப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. தவறு இருந்தால் புகார் தரலாம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டு, அது 2024 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இந்த உரிமைகள் கடன் தரும் வங்கிக் கிளையின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டியவை.

பதிவை வேகமாக வளர்க்க நினைத்துச் செய்யும் தவறுகளும் உண்டு. செல்போன் செயலிகளில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று பத்து கடன் வாங்கி உடனே உடனே அடைத்தால் ஸ்கோர் ஏறும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். முறையான நிறுவனங்கள் தரும் செயலிக் கடன்கள் எவ்வளவு சிறியவையானாலும் பதிவேற வேண்டும் என்பது 2022-இலிருந்து விதி. அதனால் அவை எல்லாம் அறிக்கையில் தெரியும். பார்க்கும் அதிகாரிக்கு அது ஒழுக்கமாகத் தோன்றாது. வாரக் கடைசிக்குப் பணமில்லாமல் தவிப்பவரின் அடையாளமாகத்தான் தோன்றும். ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பித்தாலும் அந்த ஐந்து விசாரணைகளும் பதிவாகின்றன. வாங்கிய கடனை இரண்டே மாதத்தில் முழுதாக அடைத்துவிடுவது வட்டியை மிச்சப்படுத்தும். ஸ்வநிதியில் அதற்கு அபராதமும் கிடையாது. ஆனால் பன்னிரண்டு கட்டங்கள் நிரம்ப வேண்டிய இடத்தில் இரண்டு கட்டங்கள்தான் நிரம்பியிருக்கும் என்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் இதே படிமுறைக்கு இன்னொரு பழைய வடிவம் இருக்கிறது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், சேமிப்பு, உள்கடன், பிறகு வங்கிக் கடன், அதைத் தீர்த்தால் இன்னும் பெரிய வங்கிக் கடன் என்று நாடு பிறகு பின்பற்றிய வழியை நடந்து காட்டின. லட்சக்கணக்கில் வாங்கி ஒழுங்காகக் கட்டிய குழுக்கள் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. ஆனால் கடன் குழுவின் பெயரில். அதில் தன் பங்கை ஒருநாளும் தவறாமல் கட்டிய பெண்ணின் பெயருக்கு நெடுங்காலம் எந்தப் பதிவும் இல்லாமல் இருந்தது. உறுப்பினர் வாரியாகவும் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-இல் ஆணையிட்டது. குழுவின் கணக்குப் புத்தகத்தில் யார் எவ்வளவு என்று துல்லியமாக எழுதப்பட்டால்தான் அந்தத் தகவல் உருவாகும். குழுவிலிருந்து தனித் தொழிலுக்கு நகரும் பெண் தன் பெயரில் ஒரு சிறிய கடனையாவது தனியே எடுத்துக் கட்டியிருப்பது, அடுத்த கட்டத்தில் பெரிய வித்தியாசம் செய்கிறது.

எத்தனை பேர் இந்தப் படிகளில் ஏறுகிறார்கள்? 2025 ஜூலை இறுதிவரை ஸ்வநிதியில் 68 லட்சம் பேருக்கு 96 லட்சம் கடன்கள் வழங்கப்பட்டதாக அரசு அறிவித்தது. எல்லோரும் முதல் கடன் வாங்கித்தான் தொடங்க முடியும் என்பதால், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்த்து 28 லட்சம் கடன்கள். முதல் படியில் நின்றவர்களில் ஒரு பகுதியினர் அப்போது இன்னும் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். சிலருக்கு அடுத்த கடன் தேவைப்பட்டிருக்காது. சிலர் ஊர் மாறியோ தொழில் மாறியோ போயிருப்பார்கள். மீதிப் பேர் தவறியவர்கள். எப்படிப் பிரித்தாலும் பெரும்பாலோர் ஐம்பதாயிரம் வரை வரவில்லை என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது.

வந்து சேர்ந்தவருக்கு அடுத்து என்ன? மறுபடி நம் மாவு வியாபாரியிடம் போவோம். ஐம்பதாயிரத்தைத் தீர்த்துவிட்டார், அறிக்கையில் எல்லாக் கட்டங்களும் 000. வங்கியின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே கேட்கப்படுவது விற்பனையின் ஆதாரம். நடப்பு முதலுக்கான கடனை நிர்ணயிக்கச் சிறு தொழில்களுக்கு வங்கிகள் இன்றும் கையாளும் முறை, 1990-களின் தொடக்கத்தில் பி.ஆர். நாயக் குழு தந்தது: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதத்தை வங்கி தர வேண்டும், 5 சதவீதத்தைத் தொழில் செய்பவர் போட வேண்டும். அவர் நாளைக்கு அறுபது கிலோ மாவைக் கிலோ ஐம்பது ரூபாய்க்கு விற்கிறார், மாதம் இருபத்தாறு நாள் வியாபாரம் என்றால் ஆண்டு விற்பனை 9.36 லட்சம். இருபது சதவீதம் 1.87 லட்சம். ஆனால் க்யூஆர் அட்டை வழியாக வங்கிக் கணக்குக்கு வருவது மாதம் 30,000 மட்டும், மீதி ரொக்கமாகவே கைமாறிவிடுகிறது என்றால் கணக்கில் தெரியும் ஆண்டு விற்பனை 3.6 லட்சம். அதில் இருபது சதவீதம் 72,000. அதே பெண், அதே தொழில், அதே மாசற்ற பதிவு. ஆனாலும் தகுதி பாதிக்கும் கீழே. ஐந்தரை ஆண்டு தவணை கட்டியதில் காட்டிய கவனத்தை, அதே காலத்தில் மாலை வசூலைக் கணக்கில் போடுவதிலும் காட்டியிருந்தால் அந்த 1.87 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பார். ரொக்க விற்பனையையும் வாரம் இருமுறையாவது வங்கியில் செலுத்துவது, உத்யம் பதிவை முதல் கடனின்போதே எடுத்துவிடுவது, அரிசி மண்டி பில்லைத் தன் பெயரில் வாங்கிக் கோப்பில் வைப்பது ஆகியவை கடன் கேட்கும் மாதத்தில் செய்துமுடிக்கக்கூடிய வேலைகள் அல்ல. ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டியவை.

முத்ராவில் ஐம்பதாயிரம் வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர், பத்து லட்சம் வரை தருண். 2024 அக்டோபரில் சேர்ந்த தருண் பிளஸ் இருபது லட்சம் வரை போகிறது. அதற்கு முதல் நிபந்தனை, தருண் கடன் வாங்கி வெற்றிகரமாகத் தீர்த்திருக்க வேண்டும் என்பது. படிமுறை அந்த உயரத்திலும் தொடர்கிறது. மொத்தக் கடன் பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டால் தொழிலுக்கென்றே தனியாக ஒரு மதிப்பீடும் வந்துவிடும்: சிபில் தரும் எம்எஸ்எம்இ ரேங்க், ஒன்றிலிருந்து பத்து வரை. ஸ்கோரைப்போல எண் கூடக்கூட நல்லது என்று இதைப் படித்துவிடக் கூடாது. இதில் ஒன்றுதான் சிறந்தது.

இந்தக் கட்டத்தில் கடனின் வடிவமே மாறுகிறது. மாதத் தவணைக் கடனுக்குப் பதிலாகக் கேஷ் கிரெடிட் கணக்கு கிடைக்கும். வரம்புக்குள் எடுக்கலாம், போடலாம், மாதம் வட்டி மட்டும் ஏறும், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவணை தேதி என்று ஒன்று கிடையாது என்பதால் பதற்றமில்லை என்று தோன்றும். ஆனால் இருப்பு வரம்பைத் தாண்டியபடியே தொண்ணூறு நாள் நின்றாலும், அந்தக் காலத்தில் கணக்கில் போட்ட பணம் ஏறிய வட்டியை ஈடுகட்டாவிட்டாலும் அது வாராக் கடன் வரிசையில் சேர்ந்துவிடும். ஐந்தாம் தேதிக்கு 1,333 ரூபாய் வைத்துப் பழகியவர் இங்கே வேறொரு பழக்கத்துக்கு வர வேண்டும். எடுத்ததை அப்படியே வைத்திராமல், விற்ற பணம் முழுவதையும் அந்த ஒரே கணக்கில் போட்டு, தேவைக்கு அதிலிருந்தே எடுத்து, இருப்பு மாதத்தில் பலமுறை ஏறி இறங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு முடிவில் வரம்பை உயர்த்திக் கேட்கும்போது மேலாளர் முதலில் புரட்டுவது அந்த ஏற்ற இறக்கம் பதிவான கணக்கு அறிக்கையைத்தான்.